கைக்கு எவ்வளவு வரும்? ஊதிய ஒப்பந்த வாக்கெடுப்புக்கு முன் ஒரு சங்கப் பேச்சு

சென்னைப் புறநகரில் நான் வேலை பார்த்த வாகன உதிரிபாக ஆலையில், சில ஆண்டுகளுக்கு முன் ஊதிய ஒப்பந்தத்துக்கான வாக்கெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஆலைக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தை அரை நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் இன்னும் நின்றது. சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்து “தோழர்களே” என்று தொடங்கியதுமே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “அண்ணே, மத்ததெல்லாம் அப்புறம். கைக்கு எவ்ளோ வரும், அத மொதல்ல சொல்லுங்க.” மண்டபமே சிரித்தது. செயலாளர் கோபப்படவில்லை. “சரி, அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்” என்று சொல்லி, மேடையில் தொங்கவிட்டிருந்த சார்ட் தாளைத் திருப்பினார்.

அன்றைக்கு நான் நிர்வாகக் குழுவில் ஒருவன். பிறகு இதே மாதிரி கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். சங்கப் பேச்சு என்றாலே முழக்கமும் கைதட்டலும்தான் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் வாக்கெடுப்புக்கு முந்தைய பேச்சு வேறு வகை. கேட்டுக்கொண்டிருப்பவர் இன்னும் ஒரு மணி நேரத்தில் சீட்டை மடித்துப் பெட்டியில் போடப்போகிறார். அதன் விளைவோடு அவர் குடும்பம் மூன்று வருடம் வாழவேண்டும். எதிர்த்து வாக்களிக்கப் போகிறவர்கூட, ‘என் காரணத்தை இந்த ஆள் சரியாகத்தான் சொன்னார்’ என்று நினைத்தபடி எழுந்து போனால், அந்தப் பேச்சு ஒழுங்காக நடந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன். அந்த இடத்துக்கு வர என்னென்ன சொல்லவேண்டியிருக்கிறது என்பதை அந்த ஒரு கூட்டத்தை வைத்தே விளக்கப் பார்க்கிறேன். கணக்கு எளிதாகப் புரிய எண்களை மட்டும் முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

பன்னிரண்டாயிரம் என்ற செய்தி

பேச்சுவார்த்தை முடிந்த அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஒரு வரி பரவியிருந்தது: ‘மாதம் 12,000 ரூபாய் உயர்வு, மூன்று ஆண்டு ஒப்பந்தம்’. இது பொய்யில்லை. ஆனால் மண்டபத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், அடுத்த மாதச் சம்பளத்தில் 12,000 கூடும் என்றே நினைத்திருந்தார்கள். செயலாளரின் முதல் வேலை அந்த எண்ணைப் பிரித்துக் காட்டுவது.

12,000 என்பது நிர்வாகத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. நம் சம்பளச் சீட்டில் நேரடியாக ஏறுவது 10,000. மீதி 2,000 ரூபாயில், அடிப்படைச் சம்பளம் கூடுவதால் நிர்வாகம் கூடுதலாகக் கட்டவேண்டிய பி.எஃப். பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், பேருந்து, கேன்டீன் எல்லாம் அடக்கம். அவையும் நமக்குத்தான் வருகின்றன, ஆனால் கையில் காசாக வருவதில்லை.

அடுத்தது, இந்த 10,000 ஒரே நாளில் வருவதில்லை. முதல் வருடம் 60 சதவீதம், இரண்டாம் வருடம் 20, மூன்றாம் வருடம் 20 என்று பிரித்திருந்தார்கள். அதாவது முதல் வருடம் மாதம் 6,000, இரண்டாம் வருடம் 8,000, மூன்றாம் வருடம்தான் முழு 10,000. முதல் வருட 6,000 ரூபாயில் 2,400 அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறது, 3,600 பல படிகளாக வருகிறது. எங்கள் ஆலையில் பி.எஃப். பிடிப்பது அடிப்படையை வைத்து. அந்த 2,400 ரூபாய்க்கு 12 சதவீதம், 288 ரூபாய், நம் பங்காகப் பிடித்துவிடுவார்கள். ஆக, பின்வரிசைத் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் 5,712 ரூபாய்.

செயலாளர் அந்த எண்ணைச் சிவப்பு மார்க்கரில் எழுதியதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேசப்போகிறவர், தன் தரப்புக்குப் பாதகமான எண்ணை முதலில் தானே சொன்னார். வேறு யாரோ டீக்கடையில் சொல்லி அது தெரியவந்திருந்தால், அதற்குப் பிறகு அவர் சொல்லும் எதையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆண்டுவாரிப் பிரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதையும் அவர் அங்கேயே போட்டுக் காட்டினார். 60-20-20 என்றால் 36 மாதத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் கூடுதல் தொகை 72,000, 96,000, 1,20,000 மூன்றும் சேர்ந்து 2,88,000 ரூபாய். நிர்வாகம் முதலில் கேட்டது 50-25-25. அதில் 60,000, 90,000, 1,20,000 சேர்ந்து 2,70,000. வாட்ஸ்அப்பில் இரண்டுக்கும் ஒரே செய்திதான் வந்திருக்கும், ‘12,000 உயர்வு’ என்று. ஆனால் ஆளுக்கு 18,000 ரூபாய் வித்தியாசம். கடைசி மூன்று சுற்றுப் பேச்சுவார்த்தை இதற்காகவே போனது. தலைப்பு எண்ணை மட்டும் சொல்லி ஆண்டுவாரிப் பிரிப்பைச் சொல்லாத பேச்சைக் கேட்டால், எழுந்து நின்று அதைக் கேட்டுவிடுவது நல்லது.

அடிப்படையா, படியா?

கூட்டத்தில் நிஜமான கருத்து வேறுபாடு இங்கேதான் தொடங்கியது. பக்கத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு ஒரே ஒப்பந்தம் வேறு வேறு மாதிரி தெரிந்தது. இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

ஓய்வுக்கு நாலைந்து வருடம் இருக்கும் மூத்தவர்கள், உயர்வில் பெரும்பகுதி அடிப்படையில் சேரவேண்டும் என்றார்கள். காரணம் பணிக்கொடை. கடைசியாக வாங்கிய அடிப்படையையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணிபுரிந்த வருடங்களால் பெருக்கினால் வருவதே பணிக்கொடை. எங்கள் வரைவில் மூன்று வருடத்தில் அடிப்படையில் கூடுவது 4,000 ரூபாய். 20 வருடச் சர்வீஸ் உள்ளவருக்கு இதனால் பணிக்கொடை சுமார் 46,150 ரூபாய் கூடும். 10,000 ரூபாயில் 60 சதவீதத்தை, அதாவது 6,000 ரூபாயை, அடிப்படையில் சேர்த்திருந்தால் அது சுமார் 69,230 ஆகியிருக்கும். 23,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அடிப்படை கூடினால் பி.எஃப். சேமிப்பும் கூடும்.

இளையவர்கள் நேர் எதிர். வீட்டு வாடகை, பைக் தவணை, கைக்குழந்தை என்று இருப்பவருக்கு 20 வருடம் கழித்து வரும் பணிக்கொடையைவிட இந்த மாதம் கைக்கு வரும் காசுதான் பெரிது. அடிப்படையில் அதிகம் சேர்த்தால் பி.எஃப். பிடித்தமும் கூடிவிடும் என்பது அவர்கள் கவலை.

இதில் ஒரு தரப்பைப் பேராசைக்காரர் என்றோ இன்னொரு தரப்பைத் தொலைநோக்கு இல்லாதவர் என்றோ காட்டிப் பேசிவிடுவது எளிது. நான் அப்படிப்பட்ட பேச்சுகளையும் கேட்டிருக்கிறேன், அதன் காயம் வருடக்கணக்கில் ஆறாது. எங்கள் செயலாளர் இரண்டு கணக்கையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, “நாங்க நடுவுல ஒரு இடத்துல நிறுத்தியிருக்கோம். மூத்தவங்களுக்கு இது குறைவுதான், எனக்குத் தெரியும். எனக்கும் இன்னும் ஆறு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு” என்றார்.

இன்றைக்கு அதே பேச்சைப் பேசுகிறவர் இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்புகளில் ‘ஊதியம்’ என்பதற்குப் புது வரையறை இருக்கிறது. கணக்கில் சேராத படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். படிகளை ஏற்றி அடிப்படையைக் குறைத்து வைத்திருக்கும் ஆலைகளில் மேலே உள்ள பணிக்கொடைக் கணக்கு இதனால் மாறும். பழைய ஒப்பந்தத்தின் கணக்கை அப்படியே எடுத்து வந்து பேசினால் தப்பாகிவிடும்.

ஐந்து விநாடி

நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். வரைவை ஏற்கலாம் என்று பரிந்துரைத்தவர்கள் ஆறு பேர், மறுத்தவர்கள் மூன்று பேர். செயலாளர் அதை மறைக்காமல் சொன்னார். மறுத்தவர்களில் ஒருவரை மேடைக்கு அழைத்து அதே மைக்கைக் கொடுத்தார். பத்து நிமிடம், இடையில் யாரும் பேசக்கூடாது என்று கூட்டத்திடம் கேட்டுக்கொண்டார். மாற்றுக் கருத்தைத் தன் வாயாலேயே சுருக்கிச் சொல்லிவிட்டு ‘நானே இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டேன்’ என்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒருவர் எதை அழுத்திச் சொல்வார், எங்கே குரல் உயர்த்துவார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மேடைக்கு வந்தவர் அசெம்ப்ளி லைன்காரர். சம்பளத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. வரைவின் நான்காம் பக்கத்தில் இருந்த ஒரு வரியைப் படித்தார். சைக்கிள் டைம், அதாவது லைனில் ஒரு உருப்படியை முடிக்கத் தரும் நேரம், 60 விநாடியிலிருந்து 55 விநாடியாகக் குறையும். கேட்டால், அஞ்சு விநாடிதானே என்று தோன்றும். அவர் கணக்குப் போட்டார். எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், இரண்டு டீக்கு 20 நிமிடம் போக, மிச்சம் 430 நிமிடம். 60 விநாடிக்கு ஒன்று என்றால் 430 உருப்படி. 55 விநாடிக்கு ஒன்று என்றால் 469. ஷிப்டுக்கு 39 உருப்படி கூடுதல். ஒரு உருப்படி நாலு கிலோ. “நூத்தம்பத்தாறு கிலோ அண்ணே, டெய்லி. மூணு மூட்டை சிமெண்ட்டு, அதுக்கும் கொஞ்சம் மேல. அத என் தோள் தூக்குது, சார்ட் பேப்பர் தூக்கல” என்று தன் வலது தோளைத் தட்டிக் காட்டினார்.

பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அந்த வரி அதுவரை உறைக்கவே இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் நானும்தான் இருந்தேன். உற்பத்தித்திறன் ஷரத்துகள் எப்போதும் இப்படித்தான் வரும். சம்பளம் எல்லாருக்கும் கூடும், வேலைப்பளு லைனில் நிற்பவருக்கு மட்டும் கூடும். பெரும்பான்மை வாக்கில் முடிவெடுக்கும்போது இதில் ஒரு நியாயப் பிரச்சினை இருக்கிறது. லைனுக்கு வெளியே இருப்பவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்றால், சுமையைத் தூக்காதவர்களே அதற்குச் சம்மதம் சொல்லிவிட முடியும்.

செயலாளர் திரும்ப மைக்கை வாங்கியபோது அவரை மறுக்கவில்லை. “தம்பி சொன்ன கணக்கு சரி. நாங்க 57 விநாடி கேட்டோம், கிடைக்கல” என்றார். அதற்காக ஒப்பந்தத்தையே விடலாமா என்பதில்தான் தனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு என்றும் சொன்னார்.

வேண்டாம் என்றால் என்ன ஆகும்?

பேச்சின் மிகக் கஷ்டமான பகுதி இது. பயமுறுத்தினால் ஆதரவு வாக்கு கூடும், வீரம் பேசினால் எதிர்ப்பு வாக்கு கூடும். இரண்டும் இல்லாமல் நடக்கக்கூடியதை மட்டும் சொல்ல, சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும்.

முதலில், நம் நாட்டுச் சட்டப்படி ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உறுப்பினர்களிடம் வாக்கு வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சங்கப் பிரதிநிதிகள் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் செல்லும். வாக்கெடுப்பு நடப்பது சங்கத்தின் விதியாலோ வழக்கத்தாலோதான். ஆனால் கையெழுத்து யாரையெல்லாம் கட்டுப்படுத்தும் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் இதற்கு இரண்டு வழி இருந்தது. நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் பேசிப் போட்டுக்கொள்வது 18(1) ஒப்பந்தம், அது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும் கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் போடுவது 12(3). அது ஆலையில் உள்ள எல்லாத் தொழிலாளரையும், வேறு சங்கத்தில் இருப்பவரையும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவரையும் கட்டுப்படுத்தும். புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் இந்த வித்தியாசம் அப்படியே தொடர்கிறது. எண்கள் மாறினாலும் ஆலைகளில் இன்னும் ‘12(3) போட்டாச்சா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

எங்களுடையது 12(3). அப்படியானால் மண்டபத்தில் இல்லாதவர்களின் மூன்று வருடத்தையும் சேர்த்து நாங்கள் முடிவு செய்கிறோம் என்று பொருள். செயலாளர் இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொன்னார். நம் பக்கத்தில் நின்று அதே லைனில் வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் டிரெய்னிக்கும் இங்கே வாக்கு இல்லை, இந்த உயர்வும் இல்லை. ஆனால் 55 விநாடி அவர்களுக்கும்தான். அதைச் சரிசெய்யும் வழி இந்த வரைவில் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு விஷயம், வாக்கு முழு ஒப்பந்தத்துக்கும் சேர்த்துத்தான். சம்பளத்துக்கு ஆம், சைக்கிள் டைமுக்கு இல்லை என்று போட முடியாது. ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில் 1976-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். ஒப்பந்தத்தை ஒரே தொகுப்பாகத்தான் பார்க்கவேண்டும், துண்டு துண்டாகப் பிரித்து இது நியாயம் இது அநியாயம் என்று நிறுக்கக்கூடாது.

சரி, பெரும்பான்மை வேண்டாம் என்றால்? பழைய ஒப்பந்தத்தின் காலம் முடிந்தாலும் சம்பளம் குறையாது. புது ஒப்பந்தமோ தீர்ப்போ வரும்வரை பழைய நிபந்தனைகளே நீடிக்கும். எல்.ஐ.சி. ஊழியர்களின் போனஸ் தொடர்பான டி.ஜே. பகதூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ‘எதிர்த்துப் போட்டால் இருப்பதும் போய்விடும்’ என்று யாராவது மேடையில் சொன்னால் அது தவறு.

ஆனால் இழக்க எதுவும் இல்லை என்பதும் தவறு. எங்கள் பழைய ஒப்பந்தம் முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. புது ஒப்பந்தம் அந்தத் தேதியிலிருந்தே அமலாகும் என்று வரைவில் இருந்ததால், மாதம் 6,000 வீதம் 54,000 ரூபாய் அரியர்ஸ், பிடித்தம் போக, கைக்கு வரும். மறுபடி பேசப்போனால் அமலாகும் தேதியை நிர்வாகம் மாற்றிக் கேட்கலாம். தீபாவளிக்கு மூன்று வாரமே இருந்தது. அந்த நேரத்தில் 54,000 என்ற எண் எவ்வளவு கனமானது என்று சொல்லத் தேவையில்லை. “அரியர்ஸ் ஒரு தடவ வரும், சைக்கிள் டைம் மூணு வருஷம் இருக்கும். ரெண்டையும் ஒரே தராசுல வெச்சுப் பாருங்க” என்று செயலாளரே சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஏற்கச் சொல்லிப் பரிந்துரைத்தவர், தன் வாதத்தின் வலுவான பகுதியைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினார்.

பேச்சு முறிந்தால் சமரச அதிகாரியிடம் போகும். அங்கும் முடியாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அது வருடக்கணக்கில் இழுக்கும். வேலைநிறுத்தம் என்றால் முன்கூட்டியே நோட்டீஸ் தரவேண்டும், சமரசம் நடந்துகொண்டிருக்கும்போது வெளியே வரமுடியாது. வேலைநிறுத்த நாளுக்குச் சம்பளம் இல்லை. மாதம் 32,000 வாங்குகிறவர் ஒரு மாதம் வெளியே நின்று, அதனால் மாதம் 1,500 கூடுதலாக வாங்கினார் என்றால், இழந்ததை எடுக்க 21 மாதத்துக்கு மேல் ஆகும். ஆனால் இந்தக் கணக்கை இங்கேயே நிறுத்தினால் அதுவும் பாதிக் கணக்குதான். அந்த 1,500 அடுத்த ஒப்பந்தத்திலும் அடித்தளமாக இருக்கும், சர்வீஸ் முடியும்வரை கூடவே வரும். ஓய்வுக்கு இரண்டு வருடம் உள்ளவருக்கும் இருபது வருடம் உள்ளவருக்கும் விடை வேறு.

சொன்ன பேச்சைக் கேட்காத உறுப்பினர்கள்

இங்கே அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். 2024 செப்டம்பரில், சியாட்டில் வட்டாரத்தில் போயிங் விமான ஆலைகளின் மெஷினிஸ்ட் சங்கத்தில் சுமார் 33,000 பேர் வாக்களிக்க இருந்தார்கள். வரைவில் நான்கு ஆண்டுகளில் 25 சதவீத உயர்வு இருந்தது. சங்கத் தலைமை ஏற்கலாம் என்றுதான் பரிந்துரைத்தது. ஆனால் காரணத்தை ஒளிக்காமல் சொன்னது. வேலைநிறுத்தம் செய்தால் இதைவிட அதிகம் கிடைக்கும் என்று எங்களால் உத்தரவாதம் தரமுடியாது, அதனால்தான் பரிந்துரைக்கிறோம், முடிவு உங்களுடையது, எதுவானாலும் அதன் பக்கம் நிற்போம் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

உறுப்பினர்கள் 94.6 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2014 தொடக்கத்தில் மயிரிழை வித்தியாசத்தில் நிறைவேறிய ஒப்பந்தத்தில் ஓய்வூதியத் திட்டம் முடக்கப்பட்டிருந்தது. அந்தக் கோபம் பத்து வருடமாக ஆறாமல் இருந்தது. வேலைநிறுத்தம் தொடங்கியது. அக்டோபரில் 35 சதவீதம் என்று வந்த வரைவையும் 64 சதவீதம் பேர் மறுத்தார்கள். நவம்பர் 4 அன்று 38 சதவீத உயர்வை 59 சதவீதம் பேர் ஏற்றார்கள். ஏழு வாரத்துக்கு மேல் சம்பளம் போனது. முடக்கப்பட்ட ஓய்வூதியம் திரும்பி வரவில்லை.

இதை வைத்து எதிர்த்தால்தான் அதிகம் கிடைக்கும் என்றும் பேசலாம், எதிர்த்தும் கேட்டது கிடைக்கவில்லை என்றும் பேசலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதல் வாக்கெடுப்பில் தலைமையின் பரிந்துரை அவ்வளவு மோசமாகத் தோற்றபிறகும், அதே தலைமை பேச்சுவார்த்தையை நடத்தி, மூன்றாவது வரைவை ஏற்கச் சொல்லி மறுபடி உறுப்பினர் முன் வந்து நிற்க முடிந்தது. முதல் பேச்சில் எதிர்ப்பாளர்களைத் துரோகி என்றோ விவரமில்லாதவர் என்றோ சொல்லியிருந்தால், மறுநாள் காலை அவர்களோடு மறியல் பந்தலில் நிற்க முடிந்திருக்காது.

நம் ஊரில் இந்தத் தவறு சட்டென்று நடந்துவிடும். ‘எதிர்த்துப் போடுறவன் நிர்வாகத்தோட ஆளு’ என்று ஒரு வார்த்தை மைக்கில் விழுந்தால் போதும். அடுத்த ஒப்பந்தத்துக்குள் இரண்டாவது சங்கம் ஒன்று பதிவாகிவிடும்.

பெட்டியும் எண்ணிக்கையும்

வாக்கெடுப்பு நடத்திய விதத்தைப் பற்றியும் கொஞ்சம். முன்பெல்லாம் கையைத் தூக்கச் சொல்வோம். பக்கத்தில் யார் தூக்குகிறார் என்று பார்த்துத் தூக்குவதுதான் அதில் நடக்கும். அன்றைக்குச் சீட்டு முறை. வரைவின் நகல் நான்கு நாள் முன்பே சங்கப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. மறுத்த மூவரில் ஒருவரும் ஏற்ற ஆறு பேரில் ஒருவரும் பெட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வந்தவர்களுக்காக, செயலாளர் பதினொரு மணிக்கு மறுபடி அதே சார்ட் தாளை வைத்து முதலிலிருந்து பேசினார். அசெம்ப்ளி லைன்காரரும் மறுபடி பத்து நிமிடம் பேசினார். இரண்டாம் முறை பேசும்போது எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். ஒரு ஷிப்டுக்கு ஒரு மாதிரி, இன்னொன்றுக்கு வேறு மாதிரி சொன்னார்கள் என்ற பேச்சு வந்தால் முடிவை யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. ஆனால் ஐந்தில் இரண்டு பேர் எதிர்த்திருந்தார்கள். லைன் பகுதியில் இருப்பவர்கள்தான் அதில் பெரும்பாலும் என்று எல்லாருக்கும் தெரியும். செயலாளர் சங்கப் பலகையில் ஆதரவு, எதிர்ப்பு, செல்லாதவை மூன்றையும் எண்ணால் எழுதச் சொன்னார். ‘பெரும்பான்மையோடு நிறைவேறியது’ என்று மட்டும் எழுதலாமே என்று எங்களில் ஒருவர் சொன்னதற்கு ஒப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனபோது அந்த எண்ணிக்கைத் தாளையும் கூடவே எடுத்துப் போனோம். கையெழுத்துக்கு முன் செயலாளர் அதை மனிதவள மேலாளர் முன் வைத்து, இத்தனை பேர் ஏன் மறுத்தார்கள் என்று ஐந்து நிமிடம் பேசினார். 55 விநாடி மாறவில்லை. ஆனால் இணைப்பில் ஒரு பத்தி சேர்ந்தது: ஆறு மாதம் கழித்து நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து லைனில் நேர ஆய்வு செய்யவேண்டும், நாலு கிலோவுக்கு மேல் உள்ள உருப்படிகளைத் தூக்கிவைக்க லிஃப்ட் டேபிள் போடவேண்டும். அந்த ஆய்வுக் குழுவில் சங்கத்தின் சார்பில் உட்கார, மேடையில் தோளைத் தட்டிக் காட்டிய அந்த அசெம்ப்ளி லைன்காரரின் பெயரையே எழுதிக் கொடுத்தோம்.